பத்தாவது தவறு: ஐபோனின் தானழிப்பு அமைப்பும் வீட்டுக் குழந்தைகளும்

ஐபோனின் செட்டிங்ஸில் Face ID & Passcode என்ற பக்கத்தைத் திறந்து அடிவரை தள்ளிக்கொண்டே போனால், கடைசியில் Erase Data என்று ஒரு பொத்தான் இருக்கும். பாஸ்கோடைப் பத்து முறை தவறாகப் போட்டால் போனில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடும் என்று அதன் கீழே எழுதியிருக்கும். வாங்கும்போது அது அணைந்தே இருக்கும். விரும்பியவர் மட்டும் போட்டுக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைப் போட எல்லோரும் பயப்படுகிறார்கள். பிள்ளை பட்டனைத் தட்டித் தட்டியே முதல் பிறந்தநாள் படங்களையெல்லாம் அழித்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அந்தப் பயம்.

பயம் நியாயமானதுதான். ஆனால் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க, இந்தப் பத்து என்ற வரம்பு எதற்காக வந்தது, போனுக்குள் அது எப்படி வேலை செய்கிறது, குழந்தையின் விரல் அந்த எண்ணிக்கையை எட்ட எவ்வளவு நேரமாகும் என்று மூன்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

நான்கு இலக்க பாஸ்கோடுக்கு 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் வாய்ப்புகள். ஒரு பாஸ்கோடு சரியா என்று பார்க்க ஐபோனின் சில்லு வேண்டுமென்றே ஏறக்குறைய 80 மில்லி வினாடி எடுத்துக்கொள்ளும்படி ஆப்பிள் அதை வடிவமைத்திருக்கிறது. வேறு எந்தத் தடையும் இல்லாமல் ஒரு கருவி இடைவிடாமல் எண்களைப் போட்டுக்கொண்டே போனால், பத்தாயிரத்தையும் பார்த்து முடிக்க 800 வினாடி போதும். கால் மணி நேரம்கூட இல்லை. ஆறு இலக்கம் என்றால் பத்து லட்சம் வாய்ப்புகள், சுமார் 22 மணி நேரம். அதாவது எண்ணின் நீளம் மட்டும் போனைக் காப்பதில்லை. எத்தனை முறை முயலலாம், இரண்டு முயற்சிக்கு நடுவே எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்ற இரண்டு கட்டுப்பாடுகள்தான் பூட்டுக்கு உண்மையான பலம். பத்துக்கு மேல் அழித்துவிடு என்பது அவற்றில் கடைசிக் கட்டுப்பாடு.

அது வெறும் ஏட்டுக் கணக்கல்ல என்பதை 2016-இல் உலகம் பார்த்தது. கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 2015 டிசம்பர் 2 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் இறந்தார்கள். சுட்டவர்களில் ஒருவர் வைத்திருந்த அலுவலக போன் ஐபோன் 5சி. அதன் உண்மையான உரிமையாளர் அவர் வேலை பார்த்த மாவட்டப் பொதுச் சுகாதாரத் துறை. பூட்டிய போனைத் திறக்க எஃப்.பி.ஐ. நீதிமன்றம் போனது. 2016 பிப்ரவரி 16 அன்று வந்த உத்தரவு, ஆப்பிள் மூன்று காரியங்களுக்கு உதவ வேண்டும் என்றது: தானாக அழிக்கும் அமைப்பைச் செயலிழக்கச் செய்வது, பாஸ்கோடுகளைக் கையால் தட்டாமல் மின்னணு வழியாக அனுப்ப இடம் கொடுப்பது, முயற்சிகளுக்கு இடையிலான தாமதத்தை நீக்குவது. அவ்வளவு பெரிய புலனாய்வு அமைப்பு ஒரு போனின் முன்னால் நின்றது, பத்தாவது தவறில் எல்லாம் போய்விடுமோ என்ற அச்சத்தோடுதான். ஆப்பிள் மறுத்தது. மார்ச் 28 அன்று, வேறொருவர் உதவியால் திறந்துவிட்டோம் என்று சொல்லி அரசே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அந்த 5சி மாடலில் ஒரு பலவீனம் இருந்தது. தவறுகளை எண்ணுவதும் காத்திருக்கச் சொல்வதும் அதில் மென்பொருளின் வேலை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செர்கெய் ஸ்கோரோபொகாடோவ் 2016 செப்டம்பரில் அதைச் செய்தே காட்டினார். போனின் நினைவகச் சில்லைக் கழற்றி நகலெடுத்து வைத்துக்கொள்வது, சில தவறுகள் ஆனதும் பழைய நகலைத் திரும்பப் போடுவது, இதுதான் அவர் முறை. எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதற்கும் முன்னால் ஐபி பாக்ஸ் என்று ஒரு சிறு கருவி சந்தையில் கிடைத்தது. தவறான எண் என்று தெரிந்த கணமே, போன் அதைக் குறித்துக்கொள்வதற்குள், மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஒரு முயற்சிக்கு சுமார் 40 வினாடி. பத்தாயிரத்தையும் பார்க்க நான்கரை நாள். அழிப்பு அமைப்பு இயக்கத்தில் இருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் போனுக்குத் தான் தவறைப் பார்த்ததே நினைவில் இராது.

இந்தப் பலவீனம் இல்லாதபடி, வேறு மாடல்களில் எண்ணும் வேலையை மென்பொருளிடமிருந்து பிடுங்கி, செக்யூர் என்கிளேவ் என்ற தனிச் சில்லுப் பகுதியிடம் கொடுத்தார்கள். இன்னும் புதியவற்றில் அதனோடு ஒரு தனிப் பாதுகாப்பு நினைவகமும் சேர்ந்திருக்கிறது. முயற்சி நடக்கும்போது முதலில் எண்ணிக்கை ஒன்று கூடும். அதற்குப் பிறகுதான் எண் சரியா என்று பார்க்கும். சரியாக இருந்தால் மட்டும் எண்ணிக்கை சுழியத்துக்குத் திரும்பும். இந்த வரிசைதான் முக்கியம். நடுவில் மின்சாரத்தைப் பிடுங்கினாலும் தவறு ஏற்கெனவே பதிவாகியிருக்கும்.

அழிப்பது என்ற சொல்லையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 128 ஜிபி படங்களையும் ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியென்றால் பாதியில் அணைத்து மீதியைக் காப்பாற்றிவிடலாம். நடப்பது அதுவல்ல. போனில் உள்ள எல்லாமே எப்போதும் சங்கேதமாக்கப்பட்டுத்தான் இருக்கும். அதைப் படிக்கும் சாவி ஒரு சிறிய தனி இடத்தில் இருக்கும். பத்தாவது தவறில் போன் அந்தச் சாவியை மட்டும் அழிக்கிறது. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். படங்களின் தடயம் சில்லில் இருந்தாலும் அது இனி யாருக்கும் பொருள் தராத எண் குப்பை. பழுது பார்க்கும் கடையில் டேட்டா ரெக்கவரி செய்து தருகிறோம் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். சாவி போன பிறகு மீட்க எதுவும் இல்லை.

இப்போது குழந்தைக்கு வருவோம்.

பூட்டிய போன் குழந்தையின் கைக்குப் போகிறது. ஃபேஸ் ஐடி பிள்ளையின் முகத்தைப் பார்த்து ஏற்காமல் போகும். அந்தத் தோல்விகள் பத்தில் சேராது. ஐந்து முறை முகம் பொருந்தாவிட்டால் போன் பாஸ்கோடைக் கேட்கும். அப்போது எண்பலகை வந்து நிற்கும். பிரச்சினை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆறு இலக்க பாஸ்கோடு என்றால் ஆறாவது எண்ணைத் தட்டியதுமே போன் அதைத் தானாக ஒரு முயற்சியாக எடுத்துக்கொள்ளும். ஓகே எதுவும் அழுத்த வேண்டாம். குழந்தை பத்து விரலாலும் தட்டினால் மூன்று முயற்சிகள் பத்து வினாடிக்குள் முடிந்துவிடும். ஒரே எண்ணைத் தொடர்ந்து திரும்பத் திரும்பப் போட்டால் அது ஒரு தவறாகத்தான் எண்ணப்படும். 111111 என்று ஒரே இடத்தைக் குத்திக்கொண்டிருக்கும் பிள்ளையால் பத்தை எட்ட முடியாது. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் அவ்வளவு ஒழுங்காகக் குத்துவதில்லை.

தாமதங்கள் இங்கேதான் காப்பாற்றுகின்றன. ஆப்பிள் தன் பாதுகாப்பு ஆவணத்தில் இதற்கான அட்டவணையை வெளியிட்டிருக்கிறது. அண்மைப் பதிப்பின்படி முதல் மூன்று தவறுகளுக்குக் காத்திருப்பு இல்லை. நான்காவதுக்கு 1 நிமிடம், ஐந்தாவதுக்கு 5 நிமிடம், ஆறாவதுக்கு 15 நிமிடம், ஏழாவதுக்கு 1 மணி, எட்டாவதுக்கு 3 மணி, ஒன்பதாவதுக்கு 8 மணி நேரம். காத்திருக்கும் நேரத்தில் எண்பலகையே திரையில் இருக்காது. போனை அணைத்துப் போட்டாலும் தப்பிக்க முடியாது, அந்தக் கட்டத்தின் கடிகாரம் முதலிலிருந்து ஓடும்.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். மாலை 4 மணிக்கு இரண்டரை வயதுப் பிள்ளையின் கையில் போன் சிக்குகிறது. அதற்கு விளையாட்டில் சலிப்பே வராது, பூட்டு விலகிய வினாடியே அடுத்த எண்ணைப் போடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். முதல் நான்கு தவறும் 4 மணிக்கே முடிந்துவிடும். ஐந்தாவது 4.01-க்கு. ஆறாவது 4.06-க்கு. ஏழாவது 4.21-க்கு. எட்டாவது 5.21-க்கு. ஒன்பதாவது இரவு 8.21-க்கு. பத்தாவதைப் போட வேண்டுமென்றால் அந்தப் பிள்ளை மறுநாள் அதிகாலை 4.21 வரை தூங்காமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மொத்தம் 12 மணி 21 நிமிடம். நடுவில் அம்மாவோ அப்பாவோ ஒரே ஒரு தடவை சரியான எண்ணைப் போட்டுத் திறந்துவிட்டால் எண்ணிக்கை சுழியம். தினமும் ஒருவர் கையில் புழங்கும் புதிய போனை ஒரு குழந்தை விளையாட்டாய் அழித்துவிடும் என்ற பயத்துக்கு இதற்கு மேல் இடமில்லை.

பழைய அட்டவணை வேறு. அதில் முதல் நான்கு தவறுகளுக்குக் காத்திருப்பு கிடையாது. ஐந்தாவதுக்கு 1 நிமிடம், ஆறாவதுக்கு 5, ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் 15, ஒன்பதாவதுக்கு 1 மணி நேரம். கூட்டினால் 96 நிமிடம்தான். 4 மணிக்குத் தொடங்கிய பிள்ளை 5.36-க்குப் பத்தாவதைப் போட்டுவிடலாம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டி கண்ணயரும் அளவு நேரம்தான் அது.

வீட்டில் பழைய சாதனம் யாருடைய கையில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். புதிய போன் வாங்கியதும் பழைய ஐபேடும் பழைய ஐபோனும் பிள்ளைகளுக்குப் போகின்றன. அவற்றில் மென்பொருள் புதுப்பித்தல் நின்று ஆண்டுகள் ஆகியிருக்கும். மேஜை டிராயரில் கிடக்கும். பெரியவர் யாரும் சரியான எண்ணைப் போட்டுத் திறக்கும் வழக்கம் இருக்காது. தவறுகளின் எண்ணிக்கை நாள் கடந்தால் தானாகக் குறையாது. ஞாயிற்றுக்கிழமை நான்கு, புதன்கிழமை மூன்று, அடுத்த விடுமுறையில் மூன்று என்று சேர்ந்துகொண்டே போகும். அதிலும் தட்டுகிற சின்னக் குழந்தையைவிட ஆபத்தானது ஏழெட்டு வயதுப் பிள்ளை. அது யோசித்து முயலும். தாத்தா பிறந்த வருடம், அப்பாவின் வண்டி நம்பர், வீட்டு எண் என்று வெவ்வேறு எண்களாகப் போடும். ஒரே எண் திரும்ப வந்தால் கணக்கில்லை என்ற சலுகை அதனிடம் பலிக்காது. பூட்டு விலகும் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு திரும்பி வரும் பொறுமையும் அந்த வயதில் உண்டு.

ஆக, அணைத்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள்: குழந்தை இருக்கும் வீட்டில் Erase Data வேண்டாம், அணைத்து வைத்துக்கொள். நான் இந்த அறிவுரையோடு முழுதாக ஒத்துப்போகவில்லை. அணைத்து வைத்தாலும் பத்தாவது தவறுக்குப் பிறகு என்ன ஆகிறது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

அமெரிக்காவின் நியூயார்க்கர் இதழின் எழுத்தாளர் எவன் ஆஸ்னோஸ் 2019 ஏப்ரலில் தன் ஐபேடின் திரையைப் படம் பிடித்து வெளியிட்டார். அவருடைய மூன்று வயது மகன் அதைத் திறக்கப் பலமுறை முயன்றிருக்கிறான். 25,536,442 நிமிடம் கழித்து முயலவும் என்று திரை சொன்னது. ஏறக்குறைய 48 ஆண்டு. அந்த நிமிடங்களை அப்போதைய தேதியிலிருந்து பின்னோக்கிக் கழித்தால் 1970-க்குப் போய்ச் சேரும். பல கணினிக் கடிகாரங்கள் நாள் எண்ணத் தொடங்கும் ஆண்டு அது. எனவே சாதனத்தின் கடிகாரம் குழம்பிப்போய் இந்த எண்ணைக் காட்டியிருக்கும் என்றே தோன்றுகிறது. உலகம் சிரித்தது. நமக்கு வேண்டிய விஷயம் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருக்கிறது. அழிப்பு அமைப்பு இயக்கத்தில் இருந்திருந்தால் அந்த ஐபேட் காத்திருக்கச் சொல்லியிருக்காது, அழிந்திருக்கும். அது அணைந்தே இருந்திருக்க வேண்டும். அப்படியிருந்தும் அவர் அதை மீட்டது எப்படி? கணினியோடு இணைத்து, டி.எஃப்.யூ. என்ற அடிப்படை நிலைக்குக் கொண்டுபோய், ரீஸ்டோர் செய்தார். ரீஸ்டோர் என்றால் உள்ளே இருப்பதை அழித்துவிட்டு மென்பொருளைப் புதிதாகப் போடுவது. பேக்கப் இருந்தால் அதிலிருந்து தகவல் திரும்பும், இல்லையென்றால் இல்லை.

இன்றைய ஐபோனிலும் விதி அதேதான். பத்துத் தவறுக்குப் பிறகு, அழிப்பு அமைப்பு அணைந்திருந்தால், பாஸ்கோடு செயலிழந்துவிடும். மேக்கோ பிசியோ கொண்டு இணைத்து அழிக்க வேண்டியிருக்கும். சரியான எண் உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தாலும் அதைப் போட இடமில்லை. 15.2 பதிப்பிலிருந்து பூட்டிய திரையிலேயே இன்னொரு வழி வருகிறது. இணையத் தொடர்பும் ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லும் இருந்தால் கணினி இல்லாமலே அழித்துவிட்டுத் தொடங்கலாம். கடவுச்சொல் கேட்பதால் குழந்தை அதைத் தற்செயலாக அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அதுவும் அழிப்பதற்கான வழிதான், திறப்பதற்கானதல்ல. மிகப் பழைய மாடல்களில், முன்பே நம்பி இணைத்த கணினி இருந்தால், அழிக்குமுன் பேக்கப் எடுத்துக்கொள்ளச் சிலவேளை வாய்ப்பு இருந்தது. அதை நம்பி யாரும் இருக்கக் கூடாது.

அப்படியானால் Erase Data போட்ட போனுக்கும் போடாத போனுக்கும், குழந்தை விஷயத்தில், வித்தியாசம் மிகச் சிறியது. ஒன்று பத்தாவது தவறில் தானே அழிகிறது. மற்றது பத்தாவது தவறில் பூட்டிக்கொண்டு, உங்கள் கையாலேயே அழிக்கச் சொல்கிறது. இரண்டிலும் படங்கள் பிழைப்பது பேக்கப்பைப் பொறுத்தது. குழந்தையின் விரலுக்குப் பயந்து அணைத்துவிட்டு, பேக்கப்பைக் கவனிக்காமல் விட்டவர் எதையும் காப்பாற்றிக்கொள்ளவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். போட்டு வைப்பதால் கிடைக்கும் லாபம் பலர் நினைப்பதைவிடக் குறைவு. 2011-இல் டேனியல் அமிட்டே என்ற செயலி வடிவமைப்பாளர், தன் செயலியில் பயனர்கள் வைத்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நான்கு இலக்க எண்களை, யாருடையது என்ற அடையாளம் இல்லாமல், எண்ணிப் பார்த்தார். 1234, 0000, 2580 போன்ற பத்து எண்களே மொத்தத்தில் 15 சதவீதம். 2580 என்பது எண்பலகையின் நடுவரிசையை மேலிருந்து கீழாகத் தட்டினால் வருவது. போனைத் திருடியவன் இந்தப் பத்தை மட்டும் முயன்றாலே ஏழில் ஒரு போன் திறந்துவிடும். அவனுக்குப் பதினோராவது முயற்சியே தேவையில்லை. எண்ணைச் சரியாகத் தேர்ந்தவருக்கோ, பத்து முயற்சியில் சிக்கும் வாய்ப்பு நான்கு இலக்கத்தில் ஆயிரத்தில் ஒன்று, ஆறு இலக்கத்தில் லட்சத்தில் ஒன்று. பேருந்தில் பக்கத்தில் நின்று நீங்கள் எண் போடுவதைப் பார்த்துவிட்டுப் பிறகு திருடுபவனிடம் இந்த அமைப்புக்கு எந்த மதிப்பும் இல்லை. அவன் ஒரே முயற்சியில் திறப்பான்.

குழந்தைக்கும் திருடனுக்கும் சேர்த்து ஒரே வேலையில் பதில் சொல்லும் வழி ஒன்று உண்டு, அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. பாஸ்கோடை மாற்றும் திரையில் Passcode Options என்று ஒன்று இருக்கும். அதில் Custom Numeric Code என்பதைத் தேர்ந்து எட்டு இலக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது போன் தானாக எண்ணை ஏற்காது. எத்தனை இலக்கம் என்று திரையிலும் காட்டாது. போட்டு முடித்து ஓகே பட்டனைத் தனியாக அழுத்தினால்தான் அது ஒரு முயற்சி. தட்டிக்கொண்டேயிருக்கும் குழந்தை எவ்வளவு தட்டினாலும், ஓகே மீது விரல் படும்போதுதான் ஒரு தவறு பதிவாகும். திருடன் பக்கத்தில், 80 மில்லி வினாடிக் கணக்குப்படி எட்டு இலக்கத்தை முழுவதும் பார்க்க 92 நாளுக்கு மேலாகும், அதுவும் தாமதமும் வரம்பும் இல்லாத நிலையில். தினம் பலமுறை எட்டு எண் போடுவது சலிப்பாக இருக்குமே என்றால், பெரும்பாலான நேரம் முகமோ கைரேகையோதான் திறக்கப் போகிறது.

இன்னொரு பழக்கம். குழந்தையின் கையிலிருந்து போனை வாங்கியதும் முகத்தைக் காட்டித் திறந்து நிறுத்திக்கொள்ளாமல், ஒருமுறை எண்ணைப் போட்டுத் திறந்துவிடுங்கள். எண்ணிக்கை சுழியத்துக்குத் திரும்பும். ஒரு நிமிடம் கழித்து முயலவும் என்று போன் சொன்னாலே குழந்தை சில தவறுகளைப் போட்டுவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அந்த நேரத்தில் வேறு எதையும் அமுக்காமல், காத்திருந்து, கவனமாகச் சரியான எண்ணைப் போட வேண்டும். அவசரத்தில் நாமே தவறாகப் போட்டு அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடுவதும் நடக்கிறது.

போனைக் கொடுத்தே ஆக வேண்டிய வீடுகளில் (எந்த வீட்டில் இல்லை!) திறந்த போனைக் கொடுப்பதால் வரும் இழப்பு பூட்டிய போனால் வருவதைவிட அதிகம். யாருக்கோ செய்தி போகும், செயலி அழியும், படம் அழியும். அழித்த படமாவது முப்பது நாள் Recently Deleted என்ற பகுதியில் காத்திருக்கும். இதற்கு Guided Access என்று ஒன்று இருக்கிறது, செட்டிங்ஸில் Accessibility-க்குள். அதை இயக்கிவிட்டு, பாட்டு ஓடும்போது பக்கவாட்டுப் பொத்தானை மூன்று முறை அழுத்தினால் குழந்தை அந்தச் செயலியை விட்டு வெளியே போக முடியாது. பூட்டுத் திரையின் எண்பலகை அதன் கண்ணில் படாது.

ஆண்ட்ராய்டைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. சாம்சங்கின் பல மாடல்களில் Auto factory reset என்ற பெயரில் இதே வசதி, பத்தைவிடக் கூடுதலான எண்ணிக்கையோடு, பூட்டுத்திரை அமைப்புகளில் இருக்கிறது. அதுவும் தானாக இயங்காது, நாம்தான் போட வேண்டும்.

அலுவலகம் கொடுத்த போனும், அலுவலக மின்னஞ்சலை ஏற்றிய சொந்த போனும் வேறு கதை. எத்தனை தவறுக்கு அழிக்க வேண்டும் என்பதை அங்கே நிறுவனம் தீர்மானிக்கிறது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் வழியாக வரும் விதியில் அந்த எண் நான்கு வரைகூட இறங்கலாம். செட்டிங்ஸில் போய் நீங்கள் அதை மாற்ற முடியாது. நான்கு என்று வைத்திருந்தால் மேலே சொன்ன 12 மணி நேரக் கணக்கெல்லாம் பொருந்தாது, ஒரு வாய்ச் சோறு ஊட்டும் நேரத்தில் முடிந்துவிடும். ஆண்ட்ராய்டில் வேலைக்கான தனிப் பகுதி அமைத்திருந்தால் அந்தப் பகுதி மட்டும் போகும், வீட்டுப் படங்கள் தப்பும். அலுவலக போனைக் குழந்தையிடம் கொடுப்பதற்கு முன், ஐ.டி. பிரிவிடம் அந்த எண் என்ன என்று ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது.

எல்லாம் போய்ச் சேரும் இடம் பேக்கப். ஐபோன் சார்ஜில் இருந்து, பூட்டியிருந்து, வைஃபையில் இருக்கும்போது ஐகிளவுடுக்குத் தானாக பேக்கப் எடுக்கும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் எடுக்காமல் போகலாம். வைஃபை இல்லாமல் மொபைல் டேட்டாவிலேயே ஓடும் நம் வீடுகளில் இது முதல் ஓட்டை. இலவசமாகத் தரும் 5 ஜிபி நிறைந்துவிடுவது இரண்டாவது. இடம் இல்லை என்ற அறிவிப்பை நாம் தள்ளிவிட்டுக்கொண்டே இருப்போம், பேக்கப் பல மாதமாக நின்றே போயிருக்கும். செட்டிங்ஸில் மேலே உங்கள் பெயரைத் தொட்டு, iCloud, பிறகு iCloud Backup என்று போனால் கடைசியாக பேக்கப் ஆன தேதி தெரியும். வாட்ஸ்அப் உரையாடலுக்கு அதன் செயலிக்குள்ளேயே தனி பேக்கப் தேதி உண்டு, அதையும் பார்க்க வேண்டும். கணினியில் பேக்கப் எடுப்பவர்கள் Encrypt என்ற கட்டத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் சேமித்த கடவுச்சொற்களும் உடல்நலப் பதிவுகளும் அதில் வராது.

பேக்கப்போடு ஒட்டிய இன்னொரு பொறி ஆப்பிள் கணக்கு. Find My இயக்கத்தில் இருந்த போன் அழிந்த பிறகும் பழைய கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். திருடனைத் தடுக்க வைத்த பூட்டு அது. போன் வாங்கிய நாளில் கடைக்காரப் பையனே ஏதோ ஒரு மின்னஞ்சலைப் போட்டுக் கணக்குத் திறந்து கொடுத்திருந்தால், கடவுச்சொல் என்ன என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் நினைவிருக்காது. சரிபார்க்கும் எண் வரும் சிம் பழைய நம்பராக இருந்தால் அதுவும் கைவிடும். குழந்தை அழித்ததைவிட இந்தப் பூட்டில் மாட்டிக்கொண்ட போன்கள்தான் உண்மையில் பயனற்றுப் போகின்றன.

என் முடிவு இது. தினமும் கையில் வைத்திருக்கும் புதிய ஐபோனில், எட்டு இலக்க எண்ணும் நேற்றைய தேதி பேக்கப்பும் இருந்தால், இரண்டு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டிலும் Erase Data-வைத் தயங்காமல் போடலாம். நோயாளிகளின் விவரம், வழக்குத் தாள், செய்தி ஆதாரம் வைத்திருப்பவர்கள் போட்டே ஆக வேண்டும். பிள்ளைகள் கையில் கிடக்கும் பழைய ஐபேடில் அது வேண்டாம், அங்கே காப்பாற்ற வேண்டிய ரகசியம் எதுவும் இருக்கவும் கூடாது. எதைச் செய்வதென்றாலும் இன்றிரவு முதலில் அந்த பேக்கப் தேதியைப் பாருங்கள். அது ஒரு வாரத்துக்கு முந்தையது என்றால், போனை வைஃபையில் சார்ஜ் போட்டு, Back Up Now என்பதை அழுத்திவிட்டு, மற்றதை நாளைக்கு முடிவு செய்யுங்கள்.